ஆன்லைன் க்விஸுக்கு எந்த லாகின் முறை? நெட் கட்டானா யார் தலையில விடியுதுன்னு பாத்து முடிவு பண்ணுங்க

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இருக்குற படிப்பகம், மன்றம் எல்லாம் இப்ப ஸ்கூல் பசங்களுக்கு ஆன்லைன்ல க்விஸ் வெக்க ஆரம்பிச்சிருக்காங்க, எங்க படிப்பகத்துலயும் எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் ஒரு க்விஸ் வெக்கிறோம், சுமாரா 240 பேர் பேர் குடுப்பாங்கன்னு வெச்சிதான் கணக்கு போட்டோம். கேள்வி எழுதுறதுக்கு ஆள் இருக்கு, பரிசுக்கும் ஆள் இருக்கு. சண்டை வந்ததெல்லாம் ஒரே விஷயத்துல தான், பசங்க எப்ப லாகின் பண்ணணும், எந்த போன்ல பண்ணணும், நடுவுல நெட் போயிடுச்சுன்னா என்ன பண்றது. இதுக்கு மூணு வழி பேசுனோம், அதை ஒண்ணு ஒண்ணா எடுத்து வெச்சு நாங்க எதுக்கு வந்தோம்னு சொல்றேன், உங்க ஏரியாவுல வெக்கிறதா இருந்தா உபயோகமா இருக்கும்.

மொதல் வழி, எல்லாரும் ஒரே நேரம். ஞாயித்துக்கெழம காலைல 10 மணிக்கு தொறக்கும், 10:30க்கு மூடிடும், அவ்ளோதான். ரெண்டாவது வழி, நாள் முழுக்க தொறந்து வெக்கிறது, காலைல 6ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் எப்ப வேணா உள்ள வரலாம், வந்ததுல இருந்து அவங்கவங்களுக்கு 30 நிமிஷம். மூணாவது இது ரெண்டுக்கும் நடுவுல, 10 மணிக்கு தொறக்கும், 10:20க்குள்ள ஆரம்பிச்சா முழுசா 30 நிமிஷம் கெடைக்கும், 10:50க்கு மூடும், சாயங்காலம் வேற கேள்வித்தாளோட ஒரு ரிசர்வ் ஸ்லாட்.

பேச்சு ஆரம்பிச்சதும் எல்லாரும் காப்பியடிக்கிறத பத்தியே தான் பேசுனாங்க. யாருக்கு எப்ப நெட் போகும், போனா அந்த நஷ்டம் யாருக்குன்னு கேக்கவே இல்ல. ஆனா நம்ம ஏரியாவுல அதான் மொத கேள்வி. நிறைய வீட்ல ஒரே போன், அதுவும் அப்பா போன். அப்பா காசிமேட்டுல ஏலத்துக்கு விடியக்காலைல போயிட்டு ஞாயித்துக்கெழம 9, 9:30க்கு தான் வீட்டுக்கு வருவாரு, இல்ல ஆட்டோ ஓட்டுறவரு சவாரி முடிச்சு வருவாரு. சரி ராத்திரி வெக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு, அதுல ஒரு விஷயம் இருக்கு, நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்குற வீட்ல ராத்திரி 8 மணிக்கு டேட்டா இருக்காது, தம்பி ரீல்ஸ் பாத்தே முடிச்சிருப்பான், அதுக்கப்பறம் 64 கேபிபிஎஸ்ல தான் ஓடும், திரும்ப முழு ஸ்பீடு வர்றது நடுராத்திரி 12க்கு மேல. அதனால காலைல வெக்கிறது தான் சரி. வேலை நாள்ல காலைல வெச்சா மின்வாரியம் பராமரிப்புக்குன்னு 9ல இருந்து 2 வரைக்கும் கரண்ட்ட நிறுத்துற நாள்ல மாட்டிக்குவோம், ஒய்ஃபை இருக்குற வீட்லயும் ரவுட்டர் செத்துரும். ஞாயிறு காலை 10ன்னு வந்தது இப்படித்தான்.

இப்ப ஒரு பொண்ண எடுத்துக்கலாம், பேரு வேணாம், கொருக்குப்பேட்டைல இருக்குற ஒம்பதாவது படிக்கிற பொண்ணுன்னு வெச்சிக்கோங்க. 30 கேள்வி, 30 நிமிஷம். அப்பா லேட்டா வந்ததால 10:07க்கு ஆரம்பிக்கிறா. 10:19க்கு நெட் போயிடுது, 10:25க்கு திரும்ப வருது. கட் ஆனது ஆறு நிமிஷம் தான்.

மொதல் வழில அந்த பொண்ணு நிலைமை என்னன்னு பாருங்க. 10:07ல இருந்து 10:19 வரைக்கும் 12 நிமிஷம் எழுதுனா, திரும்ப வந்தப்பறம் 10:30க்கு மூடறதுக்குள்ள 5 நிமிஷம், மொத்தம் 17 நிமிஷம். பக்கத்து தெருவுல ஃபைபர் வெச்சிருக்குற பையனுக்கு 30. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் குடுத்தோம்னு நம்ம சொல்லிக்கலாம், கைல கெடச்சது ஒண்ணு இல்லியே.

ரெண்டாவது வழி, நாள் முழுக்க தொறந்து வெச்சா? அப்பா லேட்டா வந்தாலும் பிரச்சனை இல்ல, அந்த ஏழு நிமிஷம் போகாது. ஆனா நடுவுல போன ஆறு நிமிஷம் அப்பவும் போகும், ஏன்னா ஆரம்பிச்சதும் அவளோட 30 நிமிஷ டைமர் ஓட ஆரம்பிச்சிடும், நெட் இல்லன்னு அது நிக்காது. 12 போக திரும்ப வரும்போது 12 தான் மிச்சம், மொத்தம் 24. இது தான் நிறைய பேருக்கு புரியாத எடம், நேரத்த அகலமா வெச்சிட்டா நெட் பிரச்சனைக்கும் மருந்து ஆயிடும்னு நெனைக்கிறாங்க, ஆரம்பிக்கிறதுல வர்ற சிக்கலுக்கு தான் அது மருந்து, நடுவுல அறுந்து போறதுக்கு ஒண்ணும் பண்ணாது. அதோட கூட இன்னொரு தலைவலி, காலைல 6:05க்கு எழுதுனவன் 6:40க்கு ஸ்க்ரீன்ஷாட்ட கிளாஸ் வாட்ஸப் குரூப்ல போட்டுருவான், அதுக்கப்பறம் எழுதுறவங்க எல்லாம் விடை தெரிஞ்சே எழுதுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற கேள்வி வர்ற மாதிரி வெக்கலாமேன்னா அதுக்கு 30 கேள்விக்கு பதிலா 100, 120 நல்ல கேள்வி தமிழ்ல எழுதணும், ஒரே கஷ்டத்துல இருக்கணும், மூணு வாத்தியாருங்க ஞாயித்துக்கெழம உக்காந்து எழுதுற எங்களால அது முடியாது, முடியும்னா நீங்க தாராளமா ரெண்டாவது வழிக்கு போலாம்.

மூணாவது வழில அந்த பொண்ணு 10:07க்கு ஆரம்பிச்சா 10:37 வரைக்கும் நேரம் இருக்கு, ஆரம்பத்துல எதுவும் போகல. நடுவுல போன ஆறு நிமிஷத்த நம்ம திருப்பி குடுத்தோம்னா 10:43 வரைக்கும் எழுதலாம், 12ம் 18ம் முழுசா 30. திருப்பி குடுக்கலன்னா இதுவும் ரெண்டாவது வழி மாதிரி 24 தான். அதனால நேரம் எப்ப தொறக்குது எப்ப மூடுதுங்கிறத விட போன நேரத்த திருப்பி குடுக்குறதுக்கு வழி இருக்கா இல்லியாங்கிறது தான் முக்கியம்.

இது ஒண்ணும் நம்ம கண்டுபிடிச்ச புது நியாயம் இல்ல. ஜேஇஇ மெயின் எழுதுறப்ப சென்டர்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா உடனே வேற கம்ப்யூட்டர் குடுப்போம், போன நேரத்த சர்வர்ல சரி பண்ணி முழு நேரமும் குடுப்போம்னு தேசிய தேர்வு முகமை தன்னோட கையேட்டுலயே போட்டிருக்கு. இன்னொரு பக்கம் மத்திய அரசோட மைகவ் மாதிரி தளத்துல நடக்குற க்விஸ் விதிமுறைய பாத்தீங்கன்னா, கம்ப்யூட்டர் கோளாறுல வராம போன, லேட்டா வந்த, பாதில நின்ன பதிலுக்கு நாங்க பொறுப்பில்லன்னு வழக்கமா ஒரு வரி இருக்கும். நாடு பூரா லட்சக்கணக்குல ஆள் எழுதுற க்விஸுக்கு அது வேற வழியில்லாத வரி. அந்த வரிய அப்படியே காப்பியடிச்சு 240 பேர் எழுதுற தெரு க்விஸுல போடுறது எனக்கு சரியா படல, நமக்கு ஒவ்வொரு பையனையும் மூஞ்சி பாத்து தெரியும்.

ஆனா நேரத்த திருப்பி குடுக்குறதுல ஒரு ஓட்டை இருக்கு, அத மறைக்க கூடாது. பையன் வேணும்னே ஃப்ளைட் மோட போட்டுட்டு அக்கா போன்ல விடை தேடிட்டு ஆறு நிமிஷம் கழிச்சு திரும்ப வந்து "நெட் போச்சுண்ணே"ன்னு சொன்னா? இதுக்கு பதில் கேள்வித்தாள எப்படி அடுக்குறோம்ங்கிறதுல இருக்கு. 30 கேள்வியும் ஒரே பக்கத்துல இருந்துச்சுன்னா கட் ஆன நேரத்துல முப்பதையும் அவன் பாத்துட்டு இருக்கான், திருப்பி குடுக்குற ஒவ்வொரு நிமிஷமும் இனாம். ஒரு பக்கத்துக்கு ஒரே கேள்வி, திரும்ப பின்னாடி போக முடியாதுன்னு வெச்சா கட் ஆன நேரத்துல அவன் கண்ணு முன்னாடி ஒரே கேள்வி தான். அப்ப நேரம் குடுத்தா பெரிசா எதுவும் போயிடாது. ஆனா ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்னா 30 தடவ சர்வர்ட்ட போயிட்டு வரணும், சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு தெரியுற ஹவுஸிங் போர்டு வீட்டுக்குள்ள ஒவ்வொரு "அடுத்து"க்கும் சுத்திட்டே இருக்கும், நல்ல பையன் தான் நொந்துருவான். அதனால நடுவுல, பக்கத்துக்கு 5 கேள்வி, மொத்தம் 6 பக்கம், படம் எதுவும் இல்லாம வெறும் எழுத்து. கட்டானா அதிகபட்சம் அஞ்சு கேள்வி தான் வெளிய தெரியும். கொருக்குப்பேட்டை பொண்ணு 10:19க்கு மூணாவது பக்கத்துல இருக்கா, மொத பத்து கேள்வி அதுக்குள்ளயே சர்வர்ல ஏறிடுச்சு.

இத எதுல நடத்துறதுன்னு வரும்போது கூகுள் ஃபார்ம்ஸா, இல்ல ஆன்லைன்ல பாடம், பரீட்சை நடத்துறதுக்குன்னே இருக்குற மூடுல்ங்கிற இலவச சாஃப்ட்வேரான்னு ஒரு பேச்சு. ஃபார்ம்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சது, காசு இல்ல, அஞ்சு நிமிஷத்துல ரெடி. ஆனா அதுல டைமர் கெடையாது, பையன் எப்ப ஆரம்பிச்சான்னு பதிவும் கெடையாது, சப்மிட் பண்ண நேரம் மட்டும் தான் ஷீட்ல வரும். அப்ப ஆறு நிமிஷம் போச்சுன்னு சொல்றத சரிபாக்கவும் முடியாது, திருப்பி குடுக்கவும் முடியாது. `Accepting responses` பட்டன நம்ம 10:30க்கு ஆஃப் பண்ணா 10:30:04க்கு சப்மிட் அமுக்குனவனோட 30 பதிலும் போச்சு, பாதி மார்க் கூட கெடையாது. அப்பறம் `Limit to 1 response`, இத போட்டா ஒரு ஆள் ஒரு தடவ தான் எழுத முடியும்னு நெனைப்பாங்க, அது பாக்குறது ஆள இல்ல, கூகுள் அக்கவுண்ட்ட. ரெண்டு ஜிமெயில் வெச்சிருக்குறவன் ரெண்டு தடவ எழுதலாம், அம்மா ஜிமெயில் ஒண்ணே ஒண்ணு இருக்குற அண்ணன் தங்கச்சில ஒருத்தர் எழுத முடியாது. யார தடுக்கணுமோ அவன் உள்ள, யார விடணுமோ அவ வெளிய. ஃபார்ம்ஸ்ல எழுதிட்டு இருக்குறது தானா சேவ் ஆகுற வசதி இருக்கு, ஆனா கூகுள்ல சைன்இன் பண்ணிருந்தா தான். ஃபார்ம்ஸ பேர் பதியிறதுக்கு வெச்சிக்கோங்க, பரீட்சைக்கு வேணாம். பேர் பதிஞ்ச ஷீட்ல ஒரே போன் நம்பர் ரெண்டு வாட்டி வந்திருக்கான்னு பாக்க, போன் நம்பர் C நெடுவரிசைல இருந்தா, ரெண்டாவது வரிசைல இத போட்டு கீழ வரைக்கும் இழுத்தா போதும்:

```
=COUNTIF(C:C,C2)>1
```

இதுல TRUE வந்தா திருட்டுன்னு அர்த்தம் இல்ல, முக்காவாசி அண்ணன் தம்பி தான், அவங்க யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா ஒருத்தர காலைலயும் இன்னொருத்தர சாயங்காலமும் போட்டுரலாம், இதுக்காகவே பேர் பதியிறத அஞ்சு நாள் முன்னாடி மூடிடணும்.

மூடுல்ல சொந்தமா ஒரு சின்ன சர்வர் எடுத்து போடணும், தெரிஞ்ச பையன் ஒருத்தன் வேணும், கஷ்டம் தான். ஆனா நமக்கு வேண்டியது எல்லாம் அதுல ஏற்கனவே இருக்கு. `Open the quiz`, `Close the quiz`, `Time limit` மூணும் தனித்தனி. டைமர் சர்வர் கடிகாரத்துல ஓடுது, போன்ல மணிய மாத்தி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. பதில மாத்துனா நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா சர்வருக்கு அனுப்புது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, 30 நிமிஷம்னு டைமர் போட்டிருந்தாலும் `Close the quiz` நேரம் வந்தா மூடிடும், ரெண்டுல எது மொதல்ல வருதோ அதான் கணக்கு. 10:50க்கு மூடுறதா போட்டு பையன் 10:35க்கு ஆரம்பிச்சா 15 நிமிஷம் தான். 10:20க்கு மேல உள்ள வரவே கூடாதுன்னு சிலர் சொன்னாங்க, எனக்கு அது தேவையில்லன்னு பட்டுச்சு, லேட்டா வந்தவனுக்கு லேட்டானது தான் போகட்டும், கதவ ஏன் சாத்தணும். ஆனா இத பசங்களுக்கு குடுக்குற சீட்டுல தெளிவா போட்டுருங்க, இல்லன்னா 10:35க்கு வந்துட்டு "30 நிமிஷம்னு சொன்னீங்களே"ன்னு வருவாங்க.

லாகின் பண்றதும் கேள்வி தொறக்குறதும் தனித்தனியா இருக்குறது இன்னொரு சௌகரியம். 9:30ல இருந்தே பசங்க லாகின் பண்ணி உக்காந்துக்கலாம், பாஸ்வேர்டு தப்பு, பழைய பிரவுசர், சார்ஜ் இல்ல, இந்த பேஜார் எல்லாம் கேள்வி தொறக்குறதுக்கு முன்னாடியே தீந்துரும், 200 பேரும் சரியா 10 மணி அடிச்சதும் ஒண்ணா லாகின் அமுக்கி சர்வர் மூச்சு முட்டுறதும் கொறையும். லாகினுக்கு ஓடிபி வெக்கலாம்னு ஆசப்படாதீங்க, எஸ்எம்எஸ் மொத்தமா அனுப்பணும்னா டிராய் விதிப்படி டிஎல்டிங்கிற பதிவு தளத்துல பேரு, மெசேஜ் டெம்ப்ளேட் எல்லாம் பதியணும், அத பண்ணாலும் 10 மணிக்கு வர வேண்டிய ஓடிபி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பதிவு எண்ணும் பாஸ்வேர்டும் அச்சடிச்ச சீட்டு ஸ்கூல்ல குடுத்துட்டா முடிஞ்சிது. ஆதார் நம்பர் எல்லாம் கேக்காதீங்க, எல்லாமே 18 வயசுக்கு கீழ உள்ள பசங்க, 2023 தரவு பாதுகாப்பு சட்டத்துல கொழந்தைங்க விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு, பேரு, கிளாஸு, ஸ்கூலு, வீட்டு போன் நம்பர், போன் பொதுவா இல்ல தனியா, பெத்தவங்க கையெழுத்து, இது போதும்.

அடுத்தது டிவைஸ் லிமிட், இதுல தான் எங்க படிப்பகத்துல அதிக நேரம் வாக்குவாதம். ஒரு ஆளுக்கு ஒரு டிவைஸ்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, ஆனா அத எப்படி பூட்டுறதுன்னு மூணு விதம் இருக்கு. ஒண்ணு ஐபி அட்ரஸ வெச்சு தடுக்குறது, ஒரே ஐபில இருந்து ரெண்டாவது ஆள் வந்தா விடாதன்னு. இத செய்யவே செய்யாதீங்க, மொபைல் டேட்டால கம்பெனிக்காரங்க ஒரே ஐபிய நிறைய பேருக்கு பங்கு போட்டு தான் குடுக்குறாங்க, வியாசர்பாடில ஒரு பையனும் திருவொற்றியூர்ல ஒரு பொண்ணும் ஒரே ஐபில தெரியலாம், ஒருத்தர ஒருத்தர் பாத்தது கூட இருக்காது. அதே நேரம் ஒரே பையன் ஒய்ஃபைல இருந்து டேட்டாக்கு மாறுனா அவனோட ஐபி மாறிடும்.

ரெண்டாவது, மொதல்ல எந்த போன்ல ஆரம்பிச்சானோ அதுலயே தான் முடிக்கணும், வேற போன்ல தொறந்தா தடுக்கணும். மூடுல்ல இதுக்குன்னு ஒரு கூடுதல் பிளகின் இருக்கு. கேக்க நல்லா இருக்கு. ஆனா அப்பா போன்ல சார்ஜ் 4 பர்சன்ட்ல செத்துப்போனா, பக்கத்து வீட்டு அக்கா போன வாங்கி தொடரலாம்னு பாத்தா பூட்டிக்கும், நம்மாளு யாராவது உள்ள போயி தொறந்து விட்டா தான் உண்டு. யாருக்கு உதவி தேவையோ அவனுக்கு தான் இந்த பூட்டு விழுது.

மூணாவது, கடைசியா லாகின் பண்ணது செல்லும், பழசு தானா வெளிய போயிடும். மூடுல்ல `Limit concurrent logins` 1ன்னு போட்டா இதான் நடக்கும். ஒரே நேரத்துல ரெண்டு போன்ல தொறந்து வெக்க முடியாது, ஆனா போன் செத்தா இன்னொன்னுல வந்து விட்ட எடத்துல இருந்து எழுதலாம், டைமர் சர்வர்ல இருக்கறதால நேரமும் தப்பா போகாது. ரெண்டு வீட்ல ரெண்டு பேர் உக்காந்து ஒரே எண்ணுல மாறி மாறி எழுதுவாங்களேன்னு கேட்டாங்க, யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு மூடுல் எழுதி வெக்கிற லாக்ல அத பாத்தா தெரியும். போன் மாறுனவன் ஒரு வாட்டி மாறுவான், திரும்ப பழசுக்கு வர மாட்டான். ரெண்டு எடத்துல ஆடுறவன் கேரம்ல ஸ்ட்ரைக்கர் போற மாதிரி இந்த பக்கம் அந்த பக்கம் அந்த பக்கம் இந்த பக்கம்னு போயிட்டே இருப்பான், ஒவ்வொரு தடவையும் புதுசா லாகின் விழும். ரெண்டு வாட்டிக்கு மேல மாறுனா கூப்பிட்டு கேப்போம், அவ்ளோதான் விதி. நாங்க இதுக்கு தான் வந்தோம்.

சரி நெட் போச்சுன்னு எப்படி தெரிஞ்சிக்கிறது. போச்சுன்னா மூடுல்லயே பக்கத்துல கனெக்ஷன் அறுந்துச்சு, சேவ் ஆகலன்னு ஒரு எச்சரிக்கை வரும், திரும்ப நெட் வந்து சேவ் ஆனதும் தானா மறஞ்சிடும். பசங்களுக்கு சொல்ல வேண்டியது ஒண்ணு தான், அந்த எச்சரிக்கை வந்தா பக்கத்த மூடாத, ரீலோட் பண்ணாத, அப்படியே வெச்சிரு, முடிஞ்சா ஜன்னல் பக்கம் போ. ஆர்வத்துல ரீஃப்ரெஷ் அமுக்குனா அந்த பக்கத்துல சேவ் ஆகாம இருந்த டிக்கெல்லாம் போயிரும். ரேம் கம்மியா இருக்குற போன்ல வாட்ஸப்புக்கு போயிட்டு வந்தாலே பிரவுசர் பக்கத்த திரும்ப லோட் பண்ண பாக்கும், அதனால "அண்ணே நெட் போச்சு"ன்னு மெசேஜ் அனுப்ப அதே போன்ல வாட்ஸப் தொறக்கறதும் ஆபத்து. வேற போன் இருந்தா கூப்பிடட்டும், இல்லன்னா சும்மா இருக்கட்டும், நாங்க பாத்துக்குறோம்.

நாங்க பாக்குறதுன்னா, ரெண்டு தன்னார்வலர் அந்த 50 நிமிஷமும் லாக்க பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஒரு எண்ணுல இருந்து கடைசியா எப்ப சேதி வந்துச்சு, அடுத்தது எப்ப வந்துச்சு. இங்க அவசரப்படக்கூடாது, பதில மாத்துனா தான் ஆட்டோசேவ் போகும், பையன் ஒரு கணக்குல மூணு நிமிஷம் மண்டைய ஒடச்சிட்டு இருந்தாலும் லாக்ல மூணு நிமிஷ ஓட்டை தான் தெரியும், நெட் போனதுக்கும் யோசிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால மூணு நிமிஷத்துக்கு கம்மியா இருக்குற இடைவெளிய நாங்க கண்டுக்கறதில்லன்னு வெச்சோம், அதுக்கு மேலன்னா அவனே சொல்லணும், லாக்கும் ஒத்துப்போகணும், ரெண்டும் இருந்தா எவ்ளோ போச்சோ அவ்ளோ திரும்ப. ஒரு ஆளுக்கு மொத்தமா 8 நிமிஷத்துக்கு மேல இல்ல, ரெண்டு தடவைக்கு மேல இல்ல. போன் கால் வந்துச்சு, அப்பாவோட மொதலாளி கூப்பிட்டாருன்னா அது நெட் கட் இல்ல, அதுக்கு நேரம் கெடையாது, டோண்ட் டிஸ்டர்ப் போட்டுக்கச் சொல்லி சீட்டுலயே இருக்கு.

திருப்பி குடுக்குறது மூடுல்ல `User overrides`ல பண்ணணும். கொருக்குப்பேட்டை பொண்ணுக்கு `Time limit` 30ஐ 36 ஆக்குனா போதும், 10:43க்கு முடியும், அது 10:50க்குள்ளயே வந்துருது. ஆனா 10:20க்கு ஆரம்பிச்ச பையனுக்கு அதே ஆறு நிமிஷம் போச்சுன்னா 36 ஆக்குனா மட்டும் பத்தாது, அவனோட 30 நிமிஷமே 10:50க்கு தான் முடியுது, `Close the quiz` நேரத்தையும் அவனுக்கு மட்டும் 10:56 ஆக்கணும். இத விட்டுட்டா நேரம் குடுத்தோம்னு நம்ம நெனச்சிட்டு இருப்போம், அவனுக்கு 10:50க்கே மூடியிருக்கும். ரெண்டு கட்டத்தையும் சேத்தே மாத்துறத பழக்கமாக்கிக்கோங்க. மாத்துனது அடுத்த ஆட்டோசேவ் போகும்போதோ, பையன் அடுத்த பக்கம் போகும்போதோ தான் டைமர்ல தெரியும், அதயும் போன்ல சொல்லிடணும்.

இதுக்கு மேல போறது, அதாவது நெட் போயி 10:50 வரைக்கும் வரவே இல்ல, போன நேரம் 8 நிமிஷத்த தாண்டிருச்சு, அப்பா 11 மணிக்கு தான் போனோட வந்தாரு, இவங்களுக்கு எல்லாம் சாயங்கால ஸ்லாட். வேற கேள்வித்தாள், முழு 30 நிமிஷம். இதுல ஒரே ஒரு கறார், சாயங்காலம் எழுதுறேன்னு சொன்னா காலைல எழுதுனது கிழிச்ச மாதிரி, ரெண்டுல எது ஜாஸ்தியோ அத எடுத்துக்கறேன்னு சொல்ல முடியாது, காலை மார்க் வெளிய வர்றதுக்கு முன்னாடியே, 12 மணிக்குள்ள சொல்லிடணும். இந்த கறார் இல்லன்னா காலைல சுமாரா எழுதுன அத்தனை பேருக்கும் நெட் போயிருக்கும்.

சாயங்கால தாள் கொஞ்சம் சுலபமாவோ கஷ்டமாவோ இருந்துட்டா? ஜேஇஇ மெயின்ல ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் பர்சன்டைல் போடுறாங்க, நம்மளும் போடலாம்னு கணக்கு வாத்தியார் சொன்னாரு. அங்க ஒரு ஷிஃப்ட்ல ஆயிரக்கணக்குல ஆளு, இங்க சாயங்காலம் 40 பேர் இருந்தா பெரிசு, அதுல தசமத்துல பர்சன்டைல் போட்டு பெத்தவங்களுக்கு புரியவெக்கிறது கஷ்டம். அதே யோசனைய நேரா பண்ணிடலாம். நேர்ல நடக்குற ஃபைனலுக்கு 24 பேர் வேணும், காலைல 200 பேர், சாயங்காலம் 40 பேர் எழுதுனா காலைல இருந்து மொத 20, சாயங்காலத்துல இருந்து மொத 4. கடைசி எடத்துல சமமா நின்னா அத்தனை பேரையும் உள்ள விட்டுறது.

சமமா நின்னா சீக்கிரம் முடிச்சவன் ஜெயிச்சான்னு நிறைய ஆன்லைன் க்விஸ்ல வெக்கிறாங்க, அத தயவுசெஞ்சு வெக்காதீங்க. பக்கம் லோட் ஆகுறதுக்கு எடுக்குற நேரமும் அதுல சேந்துரும், வேகமான நெட்டு இருக்குறவனுக்கு பரிசு குடுத்த மாதிரி தான். ஃபைனல் எப்படியும் படிப்பகத்துல நேர்ல மைக் வெச்சு நடக்கப்போவுது, காப்பியடிச்சு உள்ள வந்தவன் அங்க மொத ரவுண்ட்லயே நின்னுருவான். அதனால தான் ஆன்லைன் ரவுண்ட்ல கொஞ்சம் தாராளமா இருக்க முடியுது. நேர்ல ஃபைனல் இல்லாம ஆன்லைன் மார்க்குக்கே பரிசுன்னு வெச்சிருக்குறவங்களுக்கு இந்த மூணாவது வழி அப்படியே பொருந்தாது, நேரத்த திருப்பி குடுக்குற 8 நிமிஷத்த அவங்க கொறைக்கணும், இல்ல கட் ஆன எல்லாரையும் நேரா வேற தாளுக்கு அனுப்பணும்.

முன்னாடி புதன்கெழம சாயங்காலம் அஞ்சே கேள்வில ஒரு ஒத்திகை, ஞாயித்துக்கெழம எந்த போன்ல எந்த எடத்துல உக்காந்து எழுதப்போறாங்களோ அங்கயே உக்காந்து. அதுல லாகின் ஆகாதவங்க லிஸ்ட்ட எடுத்து வீட்டுக்கு போன் பண்ணி, நெட் சுத்தமா எடுக்காத வீடுன்னா படிப்பகத்துக்கே வரச்சொல்லிடலாம், ஒய்ஃபையும் எட்டு லேப்டாப்பும் இருக்கு, எட்டு பேருக்கு மேல ஆயிடுச்சுன்னா மிச்ச பேர் சாயங்காலம்.

இன்னும் முடிவாகாம நிக்கிறது சாயங்கால ஸ்லாட் 4 மணிக்கா 5 மணிக்கான்னு, 4 மணின்னா பாதி பேருக்கு ட்யூஷன், 5 மணின்னா ஃபுட்பால், வியாசர்பாடி பசங்க கிட்ட அந்த நேரத்துல க்விஸ்னு சொன்னா "இன்னாண்ணே நீ"ன்னு கேப்பாங்க. பேர் பதியிற ஃபார்ம்லயே ரெண்டு நேரத்தையும் போட்டு டிக் பண்ணச் சொல்லிருக்கோம், எதுக்கு ஜாஸ்தி விழுதோ அது.